பாடம் 9: பெயரும் நாளும் இல்லாத அழைப்பிதழ்

திருமண அழைப்பிதழ் அச்சிடுவதற்காக அச்சகத்துக்குச் செல்பவரிடம் முதலில் ஒரு தடித்த ஏட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அதன் பக்கந்தோறும் மாதிரி வாசகங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வந்தவர் எண்ணைச் சொல்லிவிட்டு, விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்; மற்றதை அச்சகத்தார் பார்த்துக்கொள்வர். அந்த ஏட்டிலுள்ள வாசகங்களில் மணமக்களின் பெயர் இராது. நாளும் இடமும் இரா. என்ன சடங்கு, எந்த முறைப்படி என்பதும் இராது. பின்வருவது அத்தகைய வாசகம் ஒன்று. ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் ________ ஆண்டு ________ மாதம் ____ ஆம் நாள் (__________) ________கிழமை காலை ____ மணிக்கு மேல் ____ மணிக்குள்,

________ அவர்களின் பேத்தியும் எங்கள் மகளுமாகிய
திருவளர்செல்வி ________
என்பவரை,

________ அவர்களின் பேரனும் ________ தம்பதியரின் மகனுமாகிய
திருவளர்செல்வன் ________
என்பவருக்கு

மணம் செய்து கொடுப்பதெனப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, அம்மணவிழா ________ முறைப்படி ________ நடைபெற இருப்பதால், தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, மணமக்களை வாழ்த்தியருளுமாறு அன்புடன் அழைக்கிறோம்.

தங்கள் நல்வரவை விரும்பும்,
________

வாசகத்தில் எஞ்சி நிற்பவை

பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டபின்பும் இவ்வாசகம் சில செய்திகளைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. இதை அனுப்புபவர் பெண் வீட்டாரா, பிள்ளை வீட்டாரா? விடை, வேற்றுமை உருபுகளில் இருக்கிறது. ‘செல்வி என்பவரை’ என்பதில் இரண்டாம் வேற்றுமை. ‘செல்வன் என்பவருக்கு’ என்பதில் நான்காம் வேற்றுமை. கொடுக்கப்படுபவர் பெண்; பெறுபவர் ஆண். ‘மணம் செய்து கொடுப்பது’ என்னும் வினை, கொடுக்கும் வீட்டாரின் வாயிலிருந்து மட்டுமே வரக்கூடியது. ஆகவே இது பெண் வீட்டார் அழைப்பிதழ். பெண்ணைக் ‘கொடுக்கும்’ பொருளாக வைத்த இவ்வமைப்பைச் சில குடும்பங்கள் இப்போது விரும்புவதில்லை. அவர்கள் ‘செல்விக்கும் செல்வனுக்கும் திருமணம் நடைபெற இருப்பதால்’ என்று இருவருக்கும் ஒரே உருபை இட்டு எழுதுகின்றனர். அப்படி எழுதினால், அனுப்புபவர் எவ்வீட்டார் என்பதை ‘எங்கள்’ என்ற சொல் நிற்கும் இடத்தைக் கொண்டுதான் அறிய முடியும்.

‘என்பவரை’, ‘என்பவருக்கு’ என்னும் சொற்கள் ஏன் தனி வரியில் நிற்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஏட்டைத் தொகுத்தவருக்கு மணமகளின் பெயர் தெரியாது. பெயர் உயிரில் முடியுமா, மெய்யில் முடியுமா என்று தெரியாமல் அதனோடு உருபைச் சேர்க்க இயலாது. மலர்விழி என்றால் ‘மலர்விழியை’ என வரும். கயல் என்றால் ‘கயலை’ என வரும். எனவே பெயரைத் தொடாமல் விட்டு, உருபை அடுத்த சொல்லின்மேல் ஏற்றிவிட்டனர். பெயரைப் பெரிய எழுத்தில் தனியே அச்சிடவும் இது வசதியாயிற்று.

இந்த முன்யோசனை எல்லா இடத்திலும் இல்லை. ‘________கிழமை’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘ஞாயிறு’ என்று அதில் எழுதினால் ‘ஞாயிறுகிழமை’ என்றாகிவிடும். ஆக வேண்டியதோ ‘ஞாயிற்றுக்கிழமை’. ‘திங்கள்’ அவ்விடத்தில் ‘திங்கட்கிழமை’ என மாறும். ‘வெள்ளி’க்கு நடுவில் ஒரு ‘க்’ வேண்டும். அச்சாகி வரும் அழைப்பிதழ்களில் கிழமையின் பெயரில் பிழை மிகுதியாகத் தென்படுவதற்கு இந்த வெற்றிடமே காரணம்.

முழு வாசகமும் ஒரே தொடர் என்பது அடுத்த செய்தி. இதில் முற்றுவினை ஒன்றே: ‘அழைக்கிறோம்’. ‘நிச்சயிக்கப்பட்டு’, ‘இருப்பதால்’, ‘வருகை தந்து’ ஆகியவை எல்லாம் அதை நோக்கிச் செல்லும் எச்சங்கள். எழுவாய் தொடரில் இல்லை. கடைசி வரியில் கையொப்பமாக நிற்கிறது. அதாவது ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதன்கீழ் எழுதப்படும் பெயரே ‘எங்கள் மகள்’ என்பதிலுள்ள ‘எங்கள்’ யார் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த ஒரு வெற்றிடத்தை மாற்றினால் மணமகளின் பெற்றோரே மாறிவிடுவர். இதைப் பின்னர் ஒரு நிகழ்வில் காண்போம்.

‘திருவளர்செல்வி’ என்பதில் ‘ச்’ மிகாது. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘திருநிறைசெல்வி’ என்பதும் அவ்வாறே. வீட்டில் மணமாகாத பிள்ளைகள் இன்னும் இருந்தால் ‘திருவளர்’ என்றும், கடைசிப் பிள்ளையின் திருமணம் என்றால் ‘திருநிறை’ என்றும் எழுதும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு.

ஒரு குடும்பம் இதை நிரப்பியபோது

நாகபுரியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம். சொந்த ஊர் திருநெல்வேலி. தந்தை சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். தாய் அலுவலகப் பணிக்குச் சென்று இரு பெண்களையும் படிக்க வைத்தார். மூத்தவளுக்குத் திருமணம் உறுதியாயிற்று. 10-02-2025 திங்கட்கிழமை, திருநெல்வேலியில் முகூர்த்தம். இளையவள் ஒன்பதாம் வகுப்பில் தமிழை விருப்பப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “வீட்டில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நீதான்” என்று அழைப்பிதழ் வேலையை அக்கா அவளிடம் ஒப்படைத்தாள். பெரியப்பா திருநெல்வேலி அச்சகத்தில் மாதிரியைத் தேர்ந்தெடுத்து, மேலே கண்ட வாசகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார்.

அவள் முதலில் ஆண்டை நிரப்பினாள். இணையத்தில் 2025 ஆம் ஆண்டுக்குரிய தமிழ் ஆண்டைத் தேடியபோது ‘விசுவாவசு’ என்று வந்தது. அதையே எழுதினாள். அது பிழை. சித்திரை முதல் நாளில்தான் அறுபது ஆண்டுச் சுழற்சியின் அடுத்த பெயர் தொடங்கும். விசுவாவசு பிறந்தது 14-04-2025 அன்று. பிப்ரவரி மாதம் அதற்கு முந்தைய குரோதி ஆண்டைச் சேர்ந்தது. ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை நடக்கும் திருமணங்களுக்கெல்லாம் இந்த இடறல் உண்டு.

நாளைக் கணக்கிடுவது எளிது. அவ்வாண்டு தை முதல் நாள், அதாவது பொங்கல், 14-01-2025 செவ்வாய்க்கிழமை. அங்கிருந்து எண்ணினால் பிப்ரவரி 10 ஆம் நாள் தை 28 ஆகும். மறுநாள், தை 29 செவ்வாய்க்கிழமை, தைப்பூசம். கிழமையை இவ்வாறு சரிபார்ப்பது நல்லது. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை ஆகிய மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு முரண்பட்டால், விருந்தினர் எதை நம்புவது என்று தெரியாமல் தொலைபேசியை எடுப்பர். எடுக்காதவர் தவறான நாளில் வந்து நிற்பார்.

திருவள்ளுவர் ஆண்டை இடும் குடும்பங்களும் உண்டு. ஆங்கில ஆண்டோடு 31 கூட்டினால் அது கிடைக்கும். தை மாதத்தில் தொடங்குவதால் 10-02-2025 என்பது திருவள்ளுவர் ஆண்டு 2056. ஆண்டின் பெயரை மட்டும் எழுதினால் ஒரு குறை நேரும். குரோதி அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்; 1964 ஏப்ரலிலும் ஒரு குரோதி பிறந்தது. பழைய பெட்டியில் கிடைக்கும் அழைப்பிதழில் ‘குரோதி ஆண்டு’ என்று மட்டும் இருந்தால், அது பாட்டியின் திருமணமா, பேத்தியின் திருமணமா என்று பெயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத் தேதிக்கு இடம் விட்டிருப்பதன் பயன் இதுவே.

நேரத்தைப் பெரியப்பா சொன்னார்: காலை 9 மணிக்கு மேல் 10 மணிக்குள். திங்கட்கிழமை இராகு காலம் 7.30 முதல் 9 வரை. ஆதலால் அது முடிந்தபின் முகூர்த்தம் வைத்திருந்தனர். ‘மேல்’, ‘உள்’ என்னும் இரண்டு சொற்களும் தாலி கட்டும் நேரத்தின் எல்லைகளே ஒழிய, விருந்தினர் வந்துசேரும் நேரம் அல்ல. இதை அறியாத நாகபுரி அண்டை வீட்டார் 10 மணிக்கு வந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

இடத்துக்கு அவள் மண்டபத்தின் பெயரையும் ‘தெற்கு ரத வீதி’ என்பதையும் எழுதினாள். ஊரார்க்கு அது போதும். ஆனால் தேரோடும் கோயில் உள்ள ஊர்கள் பலவற்றில் தெற்கு ரத வீதி உண்டு. அழைப்பிதழ்களில் பாதி நாகபுரியில் கொடுக்கப்பட இருந்தன. ஊரின் பெயரை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் எளியது: எழுதியவர்கள் அனைவருக்கும் அது தெரியும். ‘திருநெல்வேலி டவுன்’ என்பது பின்னர் சேர்க்கப்பட்டது. சந்திப்பு ரயில் நிலையத்தில் இறங்குபவர் பாளையங்கோட்டைப் பக்கம் போய்விடாமல் இருக்க ‘டவுன்’ என்பதும் வேண்டியிருந்தது.

ஓர் அடைமொழி

கடைசியாக எஞ்சியது கையொப்ப இடம். பெரியப்பா, “என் பெயரையும் உன் பெரியம்மா பெயரையும் போட்டுவிடு, ஊர் வழக்கம் அதுதான்” என்றார். ஊர் வழக்கத்தில் கணவரை இழந்த பெண்ணின் பெயரை மங்கல அழைப்பில் முதலில் வைக்கத் தயங்குவோர் இன்றும் உள்ளனர். பெரியப்பா தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. தம்பியின் பிள்ளைகளுக்குத் தாம் முன்னிற்க வேண்டும் என்றே கருதினார். அவள் அப்படியே எழுதினாள். தந்தையின் பெயரும் வர வேண்டும் என்று எண்ணி, ‘எங்கள் மகளுமாகிய’ என்பதற்கு முன் ஒரு தொடரையும் சேர்த்தாள். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பில் அப்பகுதி இவ்வாறு இருந்தது:

காலஞ்சென்ற (தந்தை பெயர்) – (தாய் பெயர்) தம்பதியரின் மகளும் எங்கள் மகளுமாகிய…

அன்றிரவு அவள் இதை ஆச்சிக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். தாய் அருகிலேயே துணி மடித்துக்கொண்டிருந்தார். ஆச்சி பாதியில் நிறுத்தினார்.

“திரும்பப் படி, ஆத்தா.”

அவள் படித்தாள்.

“உங்க அம்மா உயிரோட பக்கத்துல இருக்காளே. அவளையும் சேர்த்து அனுப்பிட்டியா?”

தாய் ஒன்றும் சொல்லவில்லை. துணியை வைத்துவிட்டு, அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

பிழை எங்கே நேர்ந்தது? ‘காலஞ்சென்ற’ என்பது பெயரெச்சம். அது தனக்குப்பின் வரும் பெயரைத் தழுவும். பின்னால் வருவது ஒற்றைப் பெயராக இருந்தால் ஐயமில்லை. ஆனால் ‘அவர் – இவர் தம்பதியர்’ என்று இருவரையும் இணைத்து ஒரு பெயராக்கிய பிறகு, அந்த எச்சம் தம்பதியர் இருவரையும் தழுவிக்கொள்ளும். எழுதியவளின் மனத்தில் அது தந்தையை மட்டும் குறித்தது. தாளிலோ தாயையும் குறித்தது. ‘அமரர்’, ‘தெய்வத்திரு’ ஆகியவற்றை இட்டாலும் இதே நிலைதான். ஒருவர் மறைந்து மற்றவர் வாழும்போது ‘தம்பதியர்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பெயர்களைப் பிரிக்க வேண்டும்.

இரண்டாவது பிழையும் அதே வரியில் இருந்தது. கையொப்ப இடத்தில் பெரியப்பா, பெரியம்மா பெயர்கள் இருந்தமையால் ‘எங்கள் மகள்’ என்பது அவர்கள் பெற்ற மகளைக் குறித்தது. ஒரே பெண்ணுக்கு இரண்டு பெற்றோர். பெரியப்பா அழைப்பதானால் ‘என் தம்பி மகளுமாகிய’ என்று எழுதியிருக்க வேண்டும். மாதிரியை எடுப்பவர்கள் வெற்றிடத்தை மட்டும் நிரப்புவர். அச்சிட்டிருக்கும் ‘எங்கள்’ என்பதும் திருத்தத்தக்கதே என்று நினைப்பதில்லை.

ஆச்சி பெரியப்பாவிடம் பேசினார். “பெத்தவ அழைக்கட்டும். தாரை வார்க்க நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க” என்றார். அழைப்பது ஒரு செயல். மணமேடையில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது வேறொரு செயல். அவர்கள் வழக்கப்படி பின்னதைக் கணவனும் மனைவியுமாக இருவர் சேர்ந்து செய்வர். மாதிரியில் இவ்விரண்டுக்கும் ஒரே ஓர் இடமே இருந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பெரியப்பா சற்று நேரம் கழித்து, “சரி, அப்படியே செய்வோம்” என்றார். திருத்திய பகுதி:

காலஞ்சென்ற (தந்தை பெயர்) அவர்களுக்கும் எனக்கும் மகளாகிய
திருவளர்செல்வி (மணமகள் பெயர்)
என்பவரை,
…
மணம் செய்து கொடுப்பதெனப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு, அம்மணவிழா (பெரியப்பா பெயர்) – (பெரியம்மா பெயர்) தம்பதியர் தாரை வார்த்துக் கொடுக்க, (மண்டபத்தின் பெயர்), தெற்கு ரத வீதி, திருநெல்வேலி டவுன் என்னும் இடத்தில் நடைபெற இருப்பதால், … அன்புடன் அழைக்கிறேன்.

தங்கள் நல்வரவை விரும்பும்,
(தாய் பெயர்)

‘அழைக்கிறோம்’ என்பது ‘அழைக்கிறேன்’ ஆயிற்று. எழுவாய் ஒருமையானதால் முற்றும் ஒருமையாயிற்று. அச்சகத்தார் அடுத்த மெய்ப்பில் பழைய பழக்கத்தால் மீண்டும் ‘அழைக்கிறோம்’ என்றே அனுப்பினர். அவள் அதை மறுபடியும் திருத்தி அனுப்ப நேர்ந்தது. ‘திருவளர்’ என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த வீட்டில் இன்னொரு பெண் இருக்கிறாளே.

‘முறைப்படி’ என்னும் இடம்

திருத்திய வாசகத்தில் ‘________ முறைப்படி’ என்ற இடத்தில் தாரை வார்த்தல் வந்து அமர்ந்தது. எல்லாத் திருமணங்களுக்கும் இது பொருந்தாது. தேவாலயத்தில் நடப்பதைத் ‘திருமண வழிபாடு’ என்றும், இசுலாமியர் தம் திருமண ஒப்பந்தத்தை ‘நிக்காஹ்’ என்றும் எழுதுவர். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டத்தில் 1967 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் சட்ட ஏற்பு அளித்தது. அத்தகைய அழைப்பிதழில் முகூர்த்தமும் இலக்கினமும் இரா. ‘தலைமை’, ‘முன்னிலை’, ‘வாழ்த்துரை’ என்னும் தலைப்புகளின்கீழ்ப் பெயர்கள் இருக்கும். படிப்பவர் அந்த ஓரிடத்தைக் கொண்டே, தாம் எங்கே அமர்வோம், எதைக் காண்போம் என்று அறிந்துகொள்வார்.

நாகபுரி விருந்தினருக்காக அக்குடும்பம் அழைப்பிதழின் பின்பக்கத்தில் நிகழ்ச்சிகளை நேரத்தோடு எழுதியது: முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலைச் சிற்றுண்டி, தாலி கட்டுதல், மதிய விருந்து. மறுவீடு குடும்பத்தாருக்கு மட்டும் உரியது ஆதலால் அதை எழுதவில்லை.

சொற்பொருள்

மெய்ப்பு – அச்சிடுவதற்கு முன் பிழை பார்ப்பதற்காகத் தரப்படும் படி
தாரை வார்த்தல் – நீர் வார்த்துப் பெண்ணை மணமகனுக்குக் கொடுக்கும் சடங்கு
மறுவீடு – திருமணத்துக்குப்பின் மணமக்கள் பெண் வீட்டுக்கு அழைக்கப்படுதல்
ஆச்சி – பாட்டி (திருநெல்வேலி வழக்கு)

பயிற்சி

1. பாடத்தின் தொடக்கத்திலுள்ள வாசகத்தைப் பிள்ளை வீட்டார் அழைப்பிதழாக மாற்றி எழுதுக. எந்தெந்த உருபுகள் மாறுகின்றன?

2. ‘காலஞ்சென்ற (தாத்தா பெயர்) – (பாட்டி பெயர்) தம்பதியரின் பேரன்’. பாட்டி உயிருடன் உள்ளார். தொடரைத் திருத்துக.

3. 20-03-2025 என்னும் நாள் குரோதி ஆண்டைச் சேர்ந்ததா, விசுவாவசு ஆண்டைச் சேர்ந்ததா? திருவள்ளுவர் ஆண்டு எது?

4. ‘கிழமை’ என்னும் சொல்லோடு ஏழு நாள்களின் பெயர்களையும் சேர்த்து எழுதுக.

5. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு பழைய தமிழ் அழைப்பிதழைப் பெற்று, அதில் அழைப்பவர் யார், மணமக்களுக்கு அவர் என்ன உறவு, முற்றுவினை எது என்பவற்றைக் கண்டு எழுதுக. அழைப்பிதழில் விடுபட்ட செய்தி ஏதேனும் இருந்தால் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அதையும் எழுதுக.